அத்தைக்கு எழுதின ஏஐஎஸ் வழிகாட்டி: படம் போட்டு ஸ்டெப் பை ஸ்டெப்பா எழுதறது எப்படி?

ஜூலை வந்தா நம்மள மாதிரி சம்பளக்காரங்களுக்கு ரெண்டு வேலை சேர்ந்து வரும். ஒண்ணு நம்ம ரிட்டர்ன். இன்னொண்ணு, வீட்ல இருக்கற பெரியவங்களோட ரிட்டர்ன். ரெண்டாவதுதான் அதிக நேரம் சாப்பிடும்.

என் அத்தை அபிராமபுரத்துல தனியா இருக்காங்க. தனியார் பள்ளியில டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, 69 வயசு. 2024-25 நிதியாண்டுல அவங்க ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு 84,000 ரூபாய் வட்டி வந்துது. 15எச் ஃபார்ம் கொடுக்க மறந்துட்டாங்க. அந்த வருஷம் சீனியர் சிட்டிசனுக்கு 50,000 ரூபாய்க்கு மேல வட்டி போனா வங்கி டிடிஎஸ் பிடிக்கணும் (2025 ஏப்ரல்ல இருந்துதான் இது ஒரு லட்சம்). அதனால 10 சதவீதம், அதாவது 8,400 ரூபாய் பிடிச்சுட்டாங்க. அத்தையோட மொத்த வருமானத்துக்கு வரியே கிடையாது. ரிட்டர்ன் போட்டா அந்த 8,400 திரும்ப வரும். ஆனா அதுக்கு முன்னாடி, வங்கி பிடிச்ச பணம் அத்தையோட பான் நம்பர்ல சரியா ஏறியிருக்கான்னு பார்க்கணும். அது தெரியற இடம்தான் ஏஐஎஸ், வருடாந்திரத் தகவல் அறிக்கை. வருமான வரித் துறை 2021 நவம்பர்ல கொண்டு வந்தது.

நான் பெங்களூர்ல. போன்லயே சொல்லித் தரலாம்னு ஆரம்பிச்சேன். ஐம்பது நிமிஷம் போச்சு. கடைசியில அத்தை சொன்னாங்க: "ஏண்டா, பாஸ்வேர்டை உனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன். நீயே பாத்துக்கோயேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வழிகாட்டி எழுத உட்கார்ந்தேன். ரீஃபண்ட் எந்த வங்கிக் கணக்குக்குப் போகணும்னு தேர்ந்தெடுக்கறதும் அதே லாகின்லதான் நடக்கும். இன்னிக்கு எனக்கு அனுப்புவாங்க. நாளைக்கு நான் போனை எடுக்கலன்னா தெரு முனையில ஜெராக்ஸ் கடைக்காரர்கிட்ட எழுதிக் கொடுத்துடுவாங்க. உங்க வீட்லயும் இதேதான் நடக்குதுன்னா, மேல படிங்க.

என் முதல் வழிகாட்டியில ஆறு ஸ்டெப், பதினாலு ஸ்கிரீன்ஷாட். எனக்கு ரொம்ப அழகா இருந்துது. அத்தை மூணு இடத்துல நின்னுட்டாங்க. அந்த மூணு இடத்தையும் எப்படிச் சரி பண்ணினேன்ங்கறதுதான் இந்தப் பதிவு.

எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி

முதல் கேள்வி, எந்த மெஷின்? நான் எழுதினது என் ஆபீஸ் லேப்டாப்ல, பெரிய மானிட்டர் போட்டு. அத்தைகிட்ட இருக்கறது பழைய லேப்டாப், சின்னத் திரை. நிறைய வெப்சைட்ல திரை அகலம் குறைஞ்சா மேல இருக்கற மெனு சுருங்கி மூணு கோடா மாறிடும். போன்ல அமைப்பே வேற. "மேல மெனுவுல `AIS`ஐ அமுக்குங்க"ன்னு நாம எழுதியிருப்போம். அவங்க திரையில அந்த வார்த்தையே இருக்காது. அப்படியே நின்னுடுவாங்க. அதனால படிக்கறவங்க எதுல செய்யப் போறாங்களோ அதுலயே படம் எடுங்க. முடியலன்னா உங்க பிரவுசர் ஜன்னலை அவங்க திரை அளவுக்குச் சுருக்கிட்டு எடுங்க.

ரெண்டாவது கேள்வி, எது நடந்தா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்? "ஏஐஎஸ் பார்ப்பது எப்படி"ங்கறது தலைப்பு, அவ்வளவுதான். எங்க கேஸ்ல முடிவு இது: டவுன்லோட் ஆன பிடிஎஃப் திறந்திருக்கணும், அதுல `194A`ன்னு இருக்கற வரியில வங்கியோட பேரும் 8,400ங்கற தொகையும் கண்ணுல படணும். முதல் பக்கத்துலயே இதை எழுதிட்டேன். இது எழுதினதும் பாதி விஷயம் தானா விழுந்துடுச்சு. முதல் வெர்ஷன்ல ஏஐஎஸ்ன்னா என்ன, அதுக்கும் 26ஏஎஸ்க்கும் என்ன வித்தியாசம்னு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அத்தை அதைப் படிக்கவே இல்ல, நேரா முதல் படத்துக்குப் போயிட்டாங்க.

இது அத்தையோட பழக்கம் மட்டும் இல்ல. 1980கள்ல ஐபிஎம் ஆராய்ச்சி மையத்துல ஜான் கேரல்னு ஒருத்தர், ஆபீஸ் வேலை பார்க்கறவங்க கையேட்டை வெச்சுக்கிட்டு வேர்ட் பிராசஸர் கத்துக்கறதைப் பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சார். யாரும் வரிசையாப் படிக்கல. பக்கத்தைத் தாண்டி, கையில கிடைச்சதை அமுக்கிப் பார்த்து, தப்பு பண்ணி, அதுல இருந்து வெளிய வர வழி தெரியாம மாட்டிக்கிட்டாங்க. அதனால அவர் கையேட்டை ரொம்பச் சின்னதாக்கி, விளக்கத்தை வெட்டி, தப்பு நடந்தா எப்படித் தெரியும், எப்படி மீளணும்ங்கறதைச் சேர்த்தார். இதைப் பத்தி 1990ல அவர் எழுதின புத்தகம் இந்தத் துறையில இன்னிக்கும் பேசப்படுது.

ஒரு ஸ்டெப்னா ஒரு அமுக்கு, அப்புறம் ஒரு அடையாளம்

என் முதல் வெர்ஷன்ல இருந்த ஒரு ஸ்டெப் இது: "லாகின் செய்து, ஏஐஎஸ் பகுதிக்குச் சென்று, உரிய நிதியாண்டைத் தேர்வு செய்து டவுன்லோட் செய்யவும்."

இதுல எத்தனை வேலை இருக்குன்னு ஒருநாள் மவுஸைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினேன். முகவரி டைப் பண்றது, `Login`, பான் நம்பர், `Continue`, ஒரு டிக், பாஸ்வேர்டு, மறுபடி `Continue`, `AIS`, `Proceed`, புதுசா வர்ற பக்கத்துல மறுபடி `AIS`, வருஷம், அம்புக்குறி, பிடிஎஃப். மொத்தம் பதிமூணு. நமக்குக் கை பழகிட்டதால பதிமூணும் ஒண்ணாத் தெரியுது.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச ஒரே வழி, எழுதும்போது ஒரு கை மவுஸ்ல இருக்கணும். ஒரு தடவை அமுக்கினா ஒரு வரி எழுதணும். ஞாபகத்துல இருந்து எழுதவே கூடாது.

முதல் ஸ்டெப் லாகின் பக்கம் இல்ல, முகவரிதான். அத்தை கூகுள்ல "இன்கம் டாக்ஸ் லாகின்"னு தேடி, ஏதோ ஏஜென்ட் விளம்பரத்துக்குள்ள போயிட்டாங்க. அதனால முகவரியை இப்படித் தனியாப் பெருசாப் போட்டேன்:

```
www.incometax.gov.in
```

இதுக்குக் கீழ ஒரு வரி: "தேட வேண்டாம், மேல இருக்கற நீளப் பட்டையில இதை அப்படியே டைப் பண்ணி என்டர் அமுக்குங்க. பக்கம் வந்ததும் பட்டையில `.gov.in` இருக்கான்னு பாருங்க. இல்லன்னா மூடிடுங்க."

இப்போ அத்தை முதல்ல நின்ன இடம். பான் நம்பர் போட்டு `Continue` அமுக்கினதும் அடுத்த பக்கத்துல பாஸ்வேர்டு கேக்கும். ஆனா அதுக்கு மேல `secure access message`னு ஒரு வாசகமும், அதை உறுதி பண்ணச் சொல்லி ஒரு சின்னக் கட்டமும் இருக்கும். நமக்குக் கை தானாப் போய் டிக் பண்ணிடும், அதனால நான் எழுதவே இல்ல. அத்தை பாஸ்வேர்டை மட்டும் போட்டுட்டு `Continue`வை அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. அது நகரல. பாஸ்வேர்டு தப்போன்னு மூணு தடவை மாத்தி மாத்திப் போட்டாங்க.

மாத்தி எழுதினது இப்படி:

> 5. பாஸ்வேர்டுக்கு மேல ஒரு சின்னக் காலிக் கட்டம் இருக்கும். அதை ஒரு தடவை அமுக்குங்க.
> *பார்க்க வேண்டியது:* கட்டத்துக்குள்ள டிக் விழுந்திருக்கும்.
>
> 6. அதுக்குக் கீழ பாஸ்வேர்டை டைப் பண்ணுங்க.
> *பார்க்க வேண்டியது:* எழுத்துக்குப் பதிலா புள்ளியாத் தெரியும். அது சரிதான்.
>
> 7. `Continue` அமுக்குங்க.
> *பார்க்க வேண்டியது:* மேல உங்க பேர் வரும்.
> *நகரலன்னா:* 5-ல டிக் இருக்கான்னு பாருங்க.

"பார்க்க வேண்டியது"ங்கற வரிதான் எல்லாத்தையும் தூக்கி நிறுத்துது. புதுசாச் செய்யறவங்களுக்கு எங்க அமுக்கணும்ங்கறதை விட, அமுக்கினது சரியாங்கறதுலதான் பயம். பாஸ்வேர்டு புள்ளியா மாறினதும் "என்னடா, நான் போட்டதை மறைச்சுடுச்சு"ன்னு அத்தை அழிச்சுட்டாங்க. அந்த வரி அதுல இருந்து வந்தது.

படம்: கம்மியா, பெருசா

பதினாலு படத்தைப் புது வெர்ஷன்ல எட்டாக் குறைச்சேன். டைப் பண்ற ஸ்டெப்புக்குப் படம் வேணாம். எங்க அமுக்கணும்னு கண் தேட வேண்டிய ஸ்டெப்புக்குத்தான் வேணும்.

முழுத் திரையைப் படம் பிடிச்சு ஒட்டறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1920 பிக்ஸல் அகலத் திரையை ஏ4 தாள்ல 16.5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒட்டினா, திரையில 14 பிக்ஸல் உயரம் இருக்கற எழுத்து தாள்ல சுமார் 1.2 மில்லிமீட்டர்தான் வரும். 69 வயசுக் கண்ணுக்கு அது எறும்பு. அதே படத்தை 800 பிக்ஸல் அகலத்துக்கு வெட்டி ஒட்டினா எழுத்து கிட்டத்தட்ட 2.9 மில்லிமீட்டர் ஆயிடும். விண்டோஸ்ல `Win + Shift + S` அமுக்கினா வேணும்ங்கற பகுதியை மட்டும் இழுத்து எடுக்கலாம்.

ஆனா ரொம்பவும் வெட்டிடாதீங்க. பட்டனை மட்டும் தனியா வெட்டிப் போட்டா அது திரையில எந்த மூலையில இருக்குன்னு தெரியாது. பக்கத்துல ஒரு அடையாளம் சேர்ந்து வரணும், பக்கத்தோட தலைப்போ, மெனு வரியோ.

ஒரு படத்துல ஒரே ஒரு கட்டம். நான் முதல்ல ஒரே படத்துல மூணு அம்பு போட்டிருந்தேன். அத்தை மூணாவதுல இருந்து ஆரம்பிச்சாங்க. கட்டத்துக்குப் பக்கத்துல ஸ்டெப் நம்பரைப் பெருசாப் போடுங்க, ஸ்டெப் 8-னா படத்துலயும் 8. `Greenshot`னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல நம்பர் வட்டம் போடற வசதியே உண்டு. இல்லன்னா பெயின்ட் போதும்.

நிறத்தை நம்பாதீங்க. "சிவப்புக் கட்டத்துல இருக்கறதை அமுக்கவும்"னு எழுதி அனுப்பினேன். அத்தை அதை லஸ் பக்கம் ஒரு கடையில கறுப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தாங்க, கலர் பக்கத்துக்கு அதிகக் காசு கேட்டாங்களாம். என் சிவப்பெல்லாம் சாம்பல். இப்போ கட்டத்தோட கோட்டைத் தடிமனா வெச்சு, வாசகத்துல "8-ன்னு போட்டிருக்கற கட்டம்"னு எழுதறேன்.

மறைக்கறது எப்படின்னு கொஞ்சம் நிதானமாப் படிங்க

நாம எழுதறது பணம் சம்பந்தப்பட்ட வழிகாட்டி. ஒவ்வொரு படத்துலயும் பேர், பான், வங்கிக் கணக்கு எங்கயாவது இருக்கும். நீங்க அத்தைக்கு அனுப்பினது அவங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். போகும்னே வெச்சுக்கோங்க, எனக்குப் போச்சு.

போன்ல கறுப்பு ஹைலைட்டரால ரெண்டு மூணு தடவை தேய்ச்சா கண்ணுக்கு மறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அது ஒளி ஊடுருவற மை. படத்தோட வெளிச்சத்தைக் கூட்டினா அடியில இருக்கற எண் தெரிஞ்சுடும். மறைக்கறதுக்கு உள்ள நிறம் நிரப்பின செவ்வகம்தான் சரி.

வெட்டறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. 2023 மார்ச்சுல ஒரு குறை வெளிய வந்துது, அதுக்கு "ஏக்ரோப்பாலிப்ஸ்"னு பேர் வெச்சாங்க. கூகுள் பிக்ஸல் போன்ல இருந்த படம் திருத்தற கருவியில ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி சேமிச்சா, வெட்டின பகுதியோட தகவல் ஃபைலோட வால்ல அப்படியே தங்கிடும். அதுல ஒரு பங்கைத் திரும்ப எடுக்க முடிஞ்சுது. கொஞ்ச நாள்லயே விண்டோஸ் 11-ஓட ஸ்னிப்பிங் டூல்லயும் இதே மாதிரி குறை இருக்கறது தெரிஞ்சுது. ரெண்டையும் சரி பண்ணிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி எடுத்து அனுப்பின பழைய படங்கள் அப்படியேதான் இருக்கு.

வேர்டுல ஒட்டின படத்தை வேர்டுலயே வெட்டினாலும் வெட்டின பகுதி ஃபைலுக்குள்ளயே இருக்கும். படத்தை அமுக்கி, `Compress Pictures` போய், `Delete cropped areas of pictures`ல டிக் வெச்சாதான் போகும். நான் செய்யறது இன்னும் எளிசு: வெட்டி, மறைச்சு முடிச்ச படத்தைத் திரையில திறந்து, அதையே புதுசா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மட்டும்தான் வழிகாட்டியில ஒட்டறேன். திரையில தெரியாதது அந்தப் புதுப் படத்துல இருக்க வழியே இல்ல.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்ங்கற குறிப்பு

முதல் வெர்ஷன்ல கடைசிப் பக்கத்துல "பொதுவான பிரச்சனைகள்"னு ஒரு பட்டியல் இருந்துது. அத்தை நடுவுல ஒரு ஸ்டெப்புல மாட்டினாங்க, கடைசிப் பக்கத்தை அவங்க பார்க்கவே இல்ல. குறிப்பு எந்த ஸ்டெப்புல தேவையோ அந்த ஸ்டெப்புக்கு அடியிலயே இருக்கணும்.

அடுத்து, குறிப்போட தலைப்பு. நான் "பாப்-அப் தடை"ன்னு எழுதியிருந்தேன். அது காரணம். மாட்டினவங்களுக்குக் காரணம் தெரியாது, தெரிஞ்சா மாட்டியிருக்கவே மாட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது கண்ணு முன்னாடி இருக்கறது மட்டும்தான். அதனால தலைப்பு "அமுக்கினேன், ஒண்ணுமே நடக்கல"ன்னு இருக்கணும். திரையில எழுத்து வந்தா, அந்த எழுத்தை ஆங்கிலத்துலயே அப்படியே போடணும், மொழிபெயர்க்கக் கூடாது. அவங்க எழுத்தையும் எழுத்தையும் வெச்சு ஒத்துப் பார்ப்பாங்க.

அத்தை ரெண்டாவதா நின்ன இடம் இதுதான். `AIS` அமுக்கி `Proceed` கொடுத்தா வேற ஒரு டேப்ல புதுப் பக்கம் திறக்கும். அங்க ரெண்டு விதமாத் தப்பு நடக்கலாம். குறிப்பு இப்படி வந்துது:

> 9. `Proceed` அமுக்குங்க.
> *பார்க்க வேண்டியது:* மேல பட்டையில ரெண்டாவதா ஒரு டேப் வரும். பழைய பக்கம் எங்கயும் போகல, முதல் டேப்ல இருக்கு.
>
> *ஒண்ணுமே நடக்கலன்னா:* பிரவுசர் புதுப் பக்கத்தைத் தடுத்திருக்கும். முகவரிப் பட்டையோட வலது ஓரத்துல புதுசா ஒரு சின்ன ஐகான் வந்திருக்கான்னு பாருங்க. அதை அமுக்கி, அனுமதிக்கச் சொல்லிட்டு, 8-ல இருந்து மறுபடி பண்ணுங்க.
>
> *திரும்பிப் போற அம்பு வேலை செய்யலன்னா:* அது புது டேப், அதனால திரும்ப இடம் இல்ல. மேல முதல் டேப்பை அமுக்குங்க.
>
> *`Dual Login Detected`னு வந்தா:* முன்னாடி லாக் அவுட் பண்ணாம மூடியிருக்கீங்க. `Login Here` அமுக்கி 8-க்குப் போங்க.

ஒவ்வொரு குறிப்பும் "எந்த ஸ்டெப்புக்குத் திரும்பணும்"னு சொல்லித்தான் முடியணும். எனக்கு இது ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. பிரச்சனை தீர்ந்துடும், ஆனா இப்போ எங்க நிக்கறோம்னு தெரியாது. அப்புறம் முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. (`Dual Login` சமாச்சாரம் உண்மையில லாகின் பண்ணும்போதுதான் வரும். நான் அதைத் தப்பா ஒன்பதுல வெச்சிருந்தேன், அடுத்த வெர்ஷன்ல ஏழாவதுக்குக் கீழ மாத்தி, "எட்டுக்குப் போங்க"ன்னு விட்டேன். நீங்களும் எழுதினதுக்கு அப்புறம் ஒரு தடவை இப்படி இடம் சரியான்னு பாருங்க.)

மூணாவது இடம்தான் அத்தையை அழ வெச்சுது. டவுன்லோட் ஆச்சு, பிடிஎஃப் திறந்தா பாஸ்வேர்டு கேக்குது. லாகின் பாஸ்வேர்டைப் போட்டாங்க, திறக்கல. ஏஐஎஸ் பிடிஎஃப்போட பாஸ்வேர்டு வேற: பான் நம்பர் சின்ன எழுத்துல, அதோட ஒட்டி பிறந்த தேதி, நாள் மாசம் வருஷம்னு எட்டு இலக்கம். நடுவுல இடைவெளி, கோடு எதுவும் கூடாது. நான் இதை வாக்கியமா எழுதியிருந்தேன், அத்தைக்குப் புரியல. எடுத்துக்காட்டுதான் வேலை செஞ்சுது. பான் AAAAA1234A, பிறந்த தேதி 5 மார்ச் 1956-ன்னு வெச்சுக்கிட்டா:

```
aaaaa1234a05031956
```

5-ங்கறது 05 ஆகுது, மார்ச் 03 ஆகுது. அந்த ரெண்டு பூஜ்யத்தைத்தான் எல்லாரும் விடறாங்க. எடுத்துக்காட்டுல ஒத்தை இலக்கத் தேதியையும் மாசத்தையும் வேணும்னேதான் எடுத்தேன். 21 நவம்பர்னு போட்டிருந்தா இந்தத் தப்பு மறைஞ்சே இருந்திருக்கும். நீங்க எடுத்துக்காட்டு தேர்ந்தெடுக்கும்போது, தப்பு நடக்கக்கூடிய இடம் அதுக்குள்ள வர்ற மாதிரி எடுங்க. இன்னொண்ணு, 26ஏஎஸ் பிடிஎஃப்புக்குப் பிறந்த தேதி மட்டும்தான் பாஸ்வேர்டு. ரெண்டையும் டவுன்லோட் பண்ணினவங்க மாத்திப் போட்டு முழிப்பாங்க, அதுக்கும் ஒரு வரி வெச்சேன்.

இதுக்கு அடியில நான் சேர்த்த வரி: "எத்தனை தடவை தப்பாப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, மறுபடி கேக்கும், அவ்வளவுதான்." எதைத் தைரியமா அமுக்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னு ரெண்டையும் எழுதணும். ஏஐஎஸ் பக்கத்துல ஒவ்வொரு பதிவுக்கும் எதிர்ல `Feedback`னு ஒரு இடம் இருக்கும். அது துறைக்கு நாம கொடுக்கற பதில், பார்க்க மட்டும் வந்தவங்க அதைத் தொட வேணாம். ஏதாவது அமுக்கி `Submit`னு கேட்டா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்கன்னு கொட்டை எழுத்துல போட்டேன்.

கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க

இந்த மாற்றம் எல்லாம் என் மூளையில இருந்து வரல. ஒரு சனிக்கிழமை அபிராமபுரம் போய், அத்தைக்குப் பின்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேசக் கூடாது, சுட்டிக் காட்டக் கூடாதுன்னு எனக்கு நானே விதி. கையில ஒரு பேனா. அத்தை எங்கயாவது பத்து விநாடிக்கு மேல நின்னா, ஸ்டெப் நம்பரை எழுதறது. "இதுவாடா?"ன்னு கேட்டா, அந்தக் கேள்வியை அப்படியே எழுதறது. ரொம்பக் கஷ்டம், நாக்கு நுனியில பதில் நிக்கும். ஆனா நாம வாயைத் திறந்தா அந்த நிமிஷமே சோதனை முடிஞ்சுது, ஏன்னா அடுத்த ஜூலைல அந்தத் தாள் மட்டும்தான் அங்க இருக்கும்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தா, "நான் இல்லன்னு வெச்சுக்கோங்க அத்தை, தாள்ல என்ன போட்டிருக்கு?" இவ்வளவுதான் பதில்.

ரெண்டாவது ஆளும் வேணும். அத்தை மூணு வெர்ஷன் பார்த்துட்டாங்க, அவங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கீழ் வீட்டு மாமாகிட்ட கொடுத்தேன். அத்தை எங்க நின்னாங்களோ அங்க எல்லாம் மாமா வேகமாப் போயிட்டார், வேற ரெண்டு இடத்துல மாட்டினார். ஒண்ணு, ஃபைல் எங்க போச்சுன்னு தெரியல. அதுக்கு `Ctrl + J`, குரோம்ல டவுன்லோட் ஆன பட்டியல் வரும். இன்னொண்ணு, வருஷம். 26ஏஎஸ்ல மதிப்பீட்டு ஆண்டு, 2025-26-னு தேர்ந்தெடுக்கணும். ஏஐஎஸ்ல அதே பணத்துக்கு நிதியாண்டு, 2024-25. மாமா ஏஐஎஸ்லயும் 2025-26 கொடுத்துட்டு, "வங்கிக்காரன் ஒண்ணுமே கட்டல போல"ன்னு முடிவு பண்ணிட்டார். இதுதான் இருக்கறதுலயே ஆபத்தான தப்பு, ஏன்னா திரையில எந்த எச்சரிக்கையும் வராது, எல்லாம் சரியாப் போன மாதிரியே இருக்கும். இப்போ 11-வது ஸ்டெப்போட "பார்க்க வேண்டியது" வரியில `2024-25`னு எண்ணாவே இருக்கு. "வட்டி வரி காணலன்னா, வங்கிக்கு போன் பண்றதுக்கு முன்னாடி இந்த வருஷத்தைப் பாருங்க"ன்னும் சேர்த்தேன்.

கடைசியா, முதல் பக்கத்து மூலையில தேதி. "இந்தப் படங்கள் எடுத்தது இந்த மாசம், இந்த லேப்டாப்ல, குரோம்ல." போர்ட்டல் மாறும், படிவத்தோட பேர் மாறும், வருஷத்தைக் குறிக்கற முறையும் மாறும். அந்தத் தேதி இருந்தா, படமும் திரையும் ஒத்துப் போகலன்னா தப்பு தன்மேல இல்லன்னு படிக்கறவங்களுக்குத் தெரியும். இல்லன்னா அவங்க தன்னையேதான் சந்தேகப்படுவாங்க.

நாலாவது வெர்ஷன் எட்டு பக்கம், பதினஞ்சு ஸ்டெப். அத்தை தனியா உட்கார்ந்து இருபத்திரண்டு நிமிஷத்துல முடிச்சு, `194A` வரியை போன்ல படிச்சுக் காட்டினாங்க: வங்கி பேர், 84,000, 8,400. போன தடவை போனப்போ அவங்க தாளைப் பார்த்தேன். முதல் ஸ்டெப்புக்கு மேல பென்சிலால ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க: "முதல்ல கண்ணாடி. சார்ஜர் சொருகியாச்சா?" அஞ்சாவது வெர்ஷன்ல அதை அச்சுல ஏத்திட்டேன்.